ஜெர்மன் பி1 பேச்சுத் தேர்வு: ஜோடியை அமுக்காமல் சேர்ந்து திட்டமிடுவது எப்படி

போன மாதம் ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். எதிரெதிரே இருவர். ஒருவர் ஒன்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர், வகுப்பில் எல்லோருக்கும் அவர் அக்கா. இன்னொருவர் டிப்ளமா முடித்துவிட்டு ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்குப் போக முயலும் பையன். கொடுத்த பணி இதுதான்: வகுப்பு முடியப் போகிறது, ஆசிரியைக்கு ஒரு சின்ன விருந்து கொடுக்க வேண்டும், இருவரும் சேர்ந்து திட்டமிடுங்கள். தாளில் நான்கு குறிப்புகள்: எப்போது, எங்கே / சாப்பாடு / பரிசு / யார் என்ன செய்வது.

அக்கா ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை ஆறு மணி, வகுப்பறையிலேயே, கேக் நான் வாங்குகிறேன், சாலட் நீ கொண்டு வா, பரிசுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பூங்கொத்து, வாஸ் மைன்ஸ்ட் டூ, அதாவது நீ என்ன நினைக்கிறாய்? பிழையில்லாத ஜெர்மன். பையன் சொன்னது: “யா, கூட்டெ இடே.” ஆமாம், நல்ல யோசனை. நாற்பது வினாடியில் நான்கு குறிப்பும் தீர்ந்தன. மிச்சமிருந்த இரண்டு நிமிடமும் அக்கா பாட்டு, அலங்காரம், அழைப்பிதழ் என்று போய்க்கொண்டே இருந்தார். பையன் ஆறு முறை “யா” சொன்னான்.

வெளியே வந்ததும் அக்காவுக்குத் திருப்தி. ஆனால் மதிப்பெண் போட்டுப் பார்த்தால் இருவருக்குமே அடி. ஏன் என்பதையும், அதே இருவர் அதே பணியை எப்படித் திருத்திப் பேசினார்கள் என்பதையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், தேர்வில் என்ன கேட்கிறார்கள்

கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் பேச்சு ஒரு தனி மாட்யூல். 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. பொதுவாக இருவர் இருவராக உள்ளே அனுப்புவார்கள், எதிரில் தேர்வாளர்கள் இருவர். மூன்று பகுதிகளில் முதல் பகுதிதான் இந்தச் சேர்ந்து திட்டமிடும் பணி. சுமார் மூன்று நிமிடம், 28 மதிப்பெண். பேசும் வார்த்தைகளும் இலக்கணமும் மட்டுமல்லாமல், பணியை முடித்தீர்களா, ஒருவருக்கொருவர் எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்பதற்கும் இதில் மதிப்பெண் உண்டு. மதிப்பெண் ஆளுக்குத் தனித்தனி. ஜோடிக்கு மொத்தமாகப் போடுவதில்லை. அதனால் பக்கத்தில் இருப்பவர் நன்றாகப் பேசினால் நமக்குக் குறைந்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

பணித் தாளிலேயே மூன்று வேலைகள் சொல்லியிருக்கும்: யோசனை சொல்லுங்கள், உங்கள் ஜோடியின் யோசனைக்கு எதிர்வினை காட்டுங்கள், சேர்ந்து முடிவெடுங்கள். அக்கா முதல் வேலையை மட்டும் செய்தார். எதிர்வினை காட்ட அவருக்கு முன்னால் எந்த யோசனையும் வரவில்லை, ஏனென்றால் வர விடவில்லை. பையன் யோசனையே சொல்லவில்லை. சேர்ந்து எடுத்த முடிவு என்று ஒன்றும் இல்லை, அக்கா எடுத்த முடிவுகள்தான் இருந்தன. அதிகம் பேசினால் அதிக மதிப்பெண் என்று நினைத்துப் பேசுகிறோம், ஆனால் தாளில் கேட்ட மூன்றில் இரண்டைக் காட்ட வாய்ப்பே இல்லாமல் போகிறது.

படி 1: தயாரிப்பு நேரத்தில் ஒரு குறிப்பைக் காலியாக விடுங்கள்

மூன்று பகுதிகளுக்கும் சேர்த்துத் தயாரிக்க 15 நிமிடம் தருவார்கள். ஜோடியோடு பேசிக்கொள்ள முடியாது, தனியாகத்தான் எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் நீங்கள் தனியாக ஒரு தலைப்பை விளக்க வேண்டும், அதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். முதல் பகுதிக்கு நான்கு நிமிடம் போதும் என்பது என் கணக்கு.

பெரும்பாலோர் நான்கு குறிப்புக்கும் விடை எழுதிக்கொண்டு போகிறார்கள். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. எழுதியதை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று மனசு துடிக்கும், ஜோடி பேசும்போது காது அடைத்துக்கொள்ளும். இப்படி எழுதிப் பாருங்கள்: இரண்டு குறிப்புக்கு உங்கள் யோசனை, ஒரே சொல்லில். மூன்றாவதுக்கு யோசனை வேண்டாம், ஒரு தடங்கல் மட்டும் (நைட் டியூட்டி, மழை, பணம் போதாது இப்படி ஏதாவது). நான்காவது குறிப்புக்கு நேரே ஒரு கேள்விக்குறி மட்டும். அந்த இடத்தில் ஜோடியிடம் கேட்கத்தான் போகிறீர்கள்.

முழு வாக்கியம் எழுதாதீர்கள். எழுதினால் வாசிப்பீர்கள். வாசிப்பவரின் நடுவே நுழைய யாருக்கும் தைரியம் வராது.

படி 2: ஒரு முறைக்கு ஒரு குறிப்பு, அதிலும் பாதி

மூன்று நிமிடம் என்றால் 180 வினாடி, ஆளுக்குத் தொண்ணூறு. ஒரு முறை பேச்சு பத்துப் பன்னிரண்டு வினாடி என்று வைத்தால் ஆளுக்கு ஏழெட்டு முறை வரும். பன்னிரண்டு வினாடியில் பி1 வேகத்தில் இரண்டு வாக்கியமும் ஒரு கேள்வியும் சொல்லலாம். இந்த அளவு கைக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆனால் அளவை விட முக்கியம், எதைச் சொல்லாமல் விடுகிறீர்கள் என்பது. அக்காவும் கடைசியில் “நீ என்ன நினைக்கிறாய்” என்று கேட்டாரே, அப்புறம் என்ன தப்பு? நாள், நேரம், இடம், சாப்பாடு எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கேட்டார். அந்தக் கேள்விக்கு “நல்லது” என்பதைத் தவிர பதில் சொல்ல இடமே இல்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் மண்டபம், தேதி, சமையல்காரர் எல்லாம் பேசி அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, “என்ன மாமா, உங்களுக்குச் சம்மதம்தானே” என்று கேட்பார்களே, அது மாதிரி.

நாளைச் சொன்னால் நேரத்தை விடுங்கள். பரிசு வாங்கலாம் என்று சொன்னால் என்ன பரிசு என்பதை விடுங்கள். விட்ட அந்தத் துண்டையே கேள்வியாக்குங்கள்.

ஜோடி கொஞ்சம் தடுமாறுபவர் என்றால் கேள்வியை இன்னும் குறுக்க வேண்டும். “வாஸ் மைன்ஸ்ட் டூ” என்ற பொதுக் கேள்வி தடுமாறுபவருக்குப் பெரிய கிணறு மாதிரி, எங்கே குதிப்பது என்றே தெரியாது. “கூஹென் ஓடர் ஸலாட்?”, கேக்கா சாலட்டா என்று கேட்டால் ஒரு சொல்லாவது வரும். வந்ததும் “வாரும்?”, ஏன் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியில்தான் அவருக்கு வாக்கியம் வரும்.

படி 3: உங்கள் முதல் வாக்கியம் ஜோடியுடையதாக இருக்கட்டும்

ஜோடி பேசி முடித்ததும் நீங்கள் எடுக்கும் முதல் வாக்கியத்தில் அவர் சொன்ன ஒரு சொல்லாவது இருக்க வேண்டும். பூங்கா என்றாரா, உங்கள் வாய் பூங்காவில் தொடங்கட்டும். “பூங்கா நல்லா இருக்கும், ஆனால் மழை வந்தால்?” இதைத் தாண்டிப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. தேர்வாளருக்கு நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. “கூட்டெ இடே” என்பது சாட்சி ஆகாது, கேட்காமலே அதைச் சொல்லலாம்.

எதிர்வினை என்றால் ஒப்புக்கொள்வது மட்டும் என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். பாதி ஒப்புக்கொண்டு பாதி மாற்றுவது, காரணம் கேட்பது, புரியவில்லை என்று சொல்வது, எல்லாமே எதிர்வினைதான். “வீ மைன்ஸ்ட் டூ டாஸ்?”, அதை எந்த அர்த்தத்தில் சொல்கிறாய் என்று கேட்பது பலவீனம் இல்லை. புரியாமல் தலையாட்டிவிட்டு அடுத்த குறிப்புக்குத் தாவுவதுதான் உடனே தெரிந்துபோகும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பையனை அப்புறம் தனியாகக் கூப்பிட்டு ஏன் பேசவில்லை என்று கேட்டேன். ஜெர்மன் வரவில்லை என்று சொல்வான் என நினைத்தேன். “அக்கா சொல்றாங்க, நான் எப்படி சார் இல்லைங்கறது?” என்றான். இது பையனின் ஜெர்மன் பிரச்சினை இல்லை, நம் ஊர் மரியாதை. அக்காவும் இளையவன் தடுமாறுகிறான், நாமே இழுத்துப் போய்விடலாம் என்று நல்லெண்ணத்தில்தான் செய்திருக்கிறார். ஆனால் ஜெர்மனில் இருவரும் வகுப்புத் தோழர்கள், ஒருவரை ஒருவர் “டூ” என்றுதான் அழைக்கப் போகிறார்கள், நீ-நான் கணக்கு. அந்த மூன்று நிமிடம் அக்காவும் இல்லை தம்பியும் இல்லை. மறுப்பதை மென்மையாகச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் மனப்பாடம் இருந்தால் போதும்: “டாஸ் இஸ்ட் ஐனெ கூட்டெ இடே, ஆபர்...” நல்ல யோசனைதான், ஆனால்... அந்த “ஆபர்” சொல்லிவிட்டு நின்றுவிடாமல் பின்னால் ஒரு மாற்று யோசனை வர வேண்டும்.

படி 4: எப்போது உள்ளே நுழைவது

1974இல் ஸாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்ஸன் என்ற மூன்று ஆய்வாளர்கள் உரையாடலில் முறை எப்படி மாறுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்னதை எளிமையாக இப்படிச் சொல்லலாம். பேசுபவர் ஒரு வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது, அடுத்தவரைச் சுட்டிக் கேட்டிருந்தால் அவர் பேச வேண்டும். யாரையும் சுட்டவில்லை என்றால் முதலில் வாய் திறப்பவருக்கு முறை. யாரும் திறக்கவில்லை என்றால் பேசிக்கொண்டிருந்தவரே தொடரலாம்.

அந்த மூன்றாவது விதியில்தான் நம் அக்கா மாட்டினார். வாக்கியம் முடிகிறது, பையன் சொல் தேடுகிறான், ஒரு வினாடி அமைதி. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அவரே தொடர்கிறார். இதைத் திமிர் என்று சொல்ல முடியாது, சரளமாகப் பேசுபவருக்கு அமைதி பிடிக்காது, அவ்வளவுதான். மருந்து எளிது: கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். மூன்று என்பது நிஜத்தில் மிக நீளமாகத் தெரியும். கண் ஜோடியின் மேல் இருக்கட்டும், தேர்வாளரின் மேல் வேண்டாம். தேர்வாளரைப் பார்த்துப் பேசினால் ஜோடிக்குக் கேள்வி தன்னிடம்தான் என்றே தெரியாது.

மூன்று எண்ணியும் வரவில்லை என்றால் புதிய விஷயம் எடுக்காதீர்கள். அதே கேள்வியைச் சின்னதாக்கிக் கேளுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம், அதாவது உங்கள் ஜோடி நிறுத்தாமல் பேசுபவர் என்றால் என்ன செய்வது. ஜெர்மனில் வாக்கியம் முடிந்ததா என்று கண்டுபிடிக்க வினைச்சொல்லைக் கவனியுங்கள். “டாஸ்”, “வைல்” வரும் துணை வாக்கியத்திலும், “ஹாபெ”, “பின்” போட்டுச் சொல்லும் இறந்தகால வாக்கியத்திலும், முடியும்-வேண்டும் வகை வாக்கியத்திலும் ஒரு வினை கடைசியில் வந்து உட்காரும். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் அதற்காகக் காத்திருப்பது நமக்குப் பழக்கமானதுதான். அந்த வினை விழுந்த நொடியில் நுழையுங்கள். நடுவில் நுழைந்தால் முரட்டுத்தனம், விழுந்து ஒரு வினாடி கழித்தால் அவர் அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்திருப்பார்.

நுழைவதற்கு அவருடைய சொல்லையே கதவாக்குங்கள். “மொமென்ட், டூ ஹாஸ்ட் ‘பார்க்’ கெஸாக்ட்...” ஒரு நிமிஷம், நீ பூங்கா என்று சொன்னாய்... இப்படி ஆரம்பித்தால் குறுக்கே புகுந்த மாதிரி இருக்காது, அவர் பேச்சை மதித்த மாதிரி இருக்கும். எதிராளிக்கும் நிறுத்த ஒரு காரணம் கிடைக்கும்.

அவர் பேசும்போது நடுநடுவே “கெனாவ்”, “ஷ்டிம்ட்”, அதாவது அதேதான், சரிதான் என்று மெதுவாகச் சொல்வது தப்பில்லை. பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டுகிறோமே, அதே வேலை. ஆனால் உம் கொட்டுவதையே உங்கள் முறையாகக் கணக்கு வைக்காதீர்கள். பையன் ஆறு முறை சொன்ன “யா” எல்லாம் உம் கொட்டியதுதான், ஒரு முறைகூடப் பேசியதில் சேராது.

அதே பணி, இரண்டாவது தடவை

ஒரு வாரம் கழித்து அதே இருவர், அதே தாள். அவர்கள் ஜெர்மனில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

அக்கா: “விருந்தை வெள்ளிக்கிழமை வைக்கலாம் என்று நினைக்கிறேன், அன்றைக்குத்தான் வகுப்பு முடிகிறது. உனக்கு அன்று நேரம் இருக்கா?”

பையன்: “வெள்ளிக்கிழமை நல்லதுதான், ஆனால் எனக்கு ஏழு மணி வரை வேலை. சனிக்கிழமை மதியம் எப்படி?”

அக்கா: “சனிக்கிழமை சரி. மதியம் கஷ்டம், ராத்திரி டியூட்டி இருக்கு, மதியம் தூங்க வேண்டும். காலையில் முடியுமா?”

பையன்: “காலை பதினொரு மணி?”

அக்கா: “பதினொரு மணி நன்றாக இருக்கு. எங்கே வைப்பது?” (இங்கே அவர் கை விரலை மடக்கி எண்ணியதைப் பார்த்தேன்.)

பையன்: “ம்... பூங்காவில். இலவசம், இடம் நிறைய.”

அக்கா: “பூங்கா அழகு. ஆனால் மழை வந்தால் என்ன செய்வது?”

பையன்: “அப்படியென்றால் வகுப்பறைக்குப் போகலாம். நான் அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.”

இவ்வளவுக்கும் ஒரு நிமிடம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் ஆளுக்கு நான்கு முறை. பையனின் வாக்கியங்கள் சின்னவை, ஒன்றில் வினையின் இடம்கூடத் தப்பு. பரவாயில்லை. நாள் மாறியது அவனால், நேரம் மாறியது அக்காவால், இடம் அவன் சொன்னது, மழை அக்கா சொன்னது. யார் முடிவு என்று பிரிக்க முடியாது, தாளில் கேட்டிருந்த சேர்ந்து முடிவெடுப்பது இதுதான். அக்காவின் ஜெர்மன் முதல் தடவையை விடக் குறைந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். “மழை வந்தால்” என்ற நிபந்தனை வாக்கியம் போன தடவை அவருக்கு வரவே இல்லை. எதிர்வினை காட்டும்போதுதான் இலக்கணத்தில் இந்த மாதிரி வாக்கியங்களுக்கு வேலை வருகிறது.

பரிசுக்கு வந்தபோது பையன் சட்டென்று நின்றுவிட்டான், சொல் கிடைக்கவில்லை. கையால் செடி மாதிரி காட்டினான். அக்கா “ஐனெ ஃப்ளான்ஸெ?”, ஒரு செடியா என்று எடுத்துக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பழைய அக்காவாக இருந்தால் செடியின் விலை, கடை, தொட்டி வரை போயிருப்பார். சொல்லை எடுத்துக் கொடுக்கலாம், வாக்கியத்தை முடித்து வைக்கக் கூடாது. ஜோடியின் இலக்கணப் பிழையைத் திருத்துவது இன்னும் மோசம், அது உங்கள் வேலையும் இல்லை.

படி 5: கடைசி இருபது வினாடி

நான்கு குறிப்பும் தொட்ட பிறகு பலர் தேர்வாளரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதற்குப் பதில் முடிவுகளை ஒரு தடவை கூட்டிச் சொல்லுங்கள், ஆனால் பாதியை மட்டும். “ஆல்ஸோ, சனிக்கிழமை பதினொரு மணி, பூங்கா. நான் கேக் வாங்குகிறேன். நீ?” என்று நிறுத்தினால் மீதியை ஜோடி சொல்வார். முழுப் பட்டியலையும் நீங்களே வாசித்தால், அதுவரை சமமாக வந்த பேச்சு கடைசியில் உங்கள் பக்கம் சாய்ந்துவிடும்.

குறிப்புகள் சீக்கிரம் தீர்ந்து நேரம் மிச்சமிருந்தால் புதுக் குறிப்பு கண்டுபிடிக்கத் தேவையில்லை. எடுத்த முடிவு ஒன்றில் ஒரு சந்தேகம் எழுப்புங்கள். எல்லோரும் வர முடியுமா, சைவம் சாப்பிடுபவர் இருக்கிறார்களா என்று கேட்டால் இன்னொரு முப்பது வினாடி ஓடும்.

வீட்டில் பழகும் விதம்

ஆளுக்கு ஏழு புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பேசும்போதும் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். “யா”, “கெனாவ்” எல்லாவற்றுக்கும் கொட்டை கிடையாது. மூன்று நிமிடத்தில் இருவர் கையும் ஏறக்குறைய ஒன்றாகக் காலியாக வேண்டும். ஒருவர் கையில் நான்கு மிச்சமிருந்தால் இருவருமே தோற்றதாகக் கணக்கு. மிச்சம் வைத்தவரை மட்டும் குறை சொல்ல விடாதீர்கள்.

இரண்டு நாள் இப்படி விளையாடிய பிறகு போனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது இரண்டை மட்டும் குறியுங்கள். ஒன்று, உங்கள் மிக நீளமான முறை எத்தனை வினாடி. இருபதைத் தாண்டினால் அதில் எந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம் என்று தேடுங்கள், அநேகமாக முதல் யோசனை முடிந்த இடமாக இருக்கும். இரண்டு, உங்கள் முறைகளில் எத்தனை ஜோடியின் சொல்லோடு தொடங்கின. ஏழில் மூன்றுக்குக் கீழே என்றால் நீங்கள் மாறி மாறிப் பேசியிருக்கிறீர்கள், ஆனால் ஒருவருக்கொருவர் பேசவில்லை. கொட்டை விளையாட்டில் ஜெயித்துவிட்டுப் பதிவில் தோற்பவர்கள் நிறைய. முறை சமமாக இருக்கும், இருவரும் அவரவர் பட்டியலை ஒப்பித்திருப்பார்கள்.

ஒரே ஜோடியோடு திரும்பத் திரும்பப் பழகினால் பேச்சு நாடகமாகிவிடும். நாலைந்து தடவைக்கு மேல் வேண்டாம். தேர்வில் யார் எதிரில் வருவார் என்று தெரியாது, அதனால் உங்களை விட வேகமானவர் ஒருவர், மெதுவானவர் ஒருவர் என்று இருவரோடாவது பழகுங்கள். வேகமானவரிடம் படி 4இன் நுழைவும், மெதுவானவரிடம் மூன்று எண்ணுவதும் தானாகப் பழகும். அக்காவை இப்போது வகுப்பிலேயே மிக வேகமாகப் பேசும் ஒரு பெண்ணோடு உட்கார வைத்திருக்கிறேன். முதல் நாள் அவர் கையில் ஐந்து கொட்டை மிச்சமிருந்தது.